58 சதவீதம் யாருடையது?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி அறிவிக்கப்பட்டது. தலைப்பு, 'எங்கள் ஊர் நீர்நிலை'. பள்ளி அளவில் சிறந்த ஒன்றைத் தேர்வு செய்து அனுப்பும் பொறுப்பு ஆங்கில ஆசிரியையான என்னிடம் இருந்தது. தட்டச்சு செய்து தர வேண்டும் என்பதால் பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசியில் எழுதி அனுப்பினார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எல்லோர் கையிலும் இருக்கிறதே என்ற எச்சரிக்கையில், வந்த கட்டுரைகள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கண்டறியும் செயலியில் இட்டுப் பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்திருந்த கட்டுரைக்கு '58%' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எழுதியவர் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி. மறுநாள் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். "இதை நீதான் எழுதினியாம்மா? பாதிக்கு மேல கம்ப்யூட்டர் எழுதியிருக்குன்னு காட்டுதே?" எல்லார் முன்னிலையிலும் கேட்டது என் தவறு. அவள் எதுவும் பேசவில்லை. கண்கள் மட்டும் கலங்கின.

மதிய இடைவேளையில் ஒரு ரஃப் நோட்டுடன் வந்தாள். "டீச்சர், எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டுத்தான் டைப் பண்ணேன். கிராமர் தப்பா இருக்குமோன்னு பயமா இருந்துச்சு. ரெண்டு பாராவை மட்டும் போன்ல திருத்தச் சொன்னேன். அது மாத்திக் குடுத்ததை அப்படியே போட்டேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை என்றால் அந்த 58 எதைக் குறிக்கிறது? கட்டுரையில் பாதிக்கு மேல் அவளுடையது இல்லை என்றா? அந்தக் கேள்வியோடு நோட்டையும் செயலி காட்டிய முடிவையும் அருகருகே வைத்து உட்கார்ந்தேன். அன்று நான் கற்றுக்கொண்டதையே இக்கட்டுரையில் பகிர்கிறேன்.

கண்டறியும் செயலி எதைப் பார்க்கிறது?

நம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வோம். 'கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு ______ அறிவிக்கப்பட்டது' என்று கொடுத்தால் வகுப்பு முழுவதும் 'விடுமுறை' என்று சொல்லும். 'மழை நின்றதும் ஏரி ______' என்று கொடுத்தால் ஆளுக்கொரு விடை வரும். ஒருவர் 'நிரம்பியது' என்பார், இன்னொருவர் 'அமைதியானது' என்பார். 'முகம் கழுவிக்கொண்டது' என்று எழுதும் பிள்ளை எங்கோ ஒன்றுதான் இருக்கும்.

கண்டறியும் செயலிகள் பலவற்றின் அடிப்படை இதுதான். அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கத்தக்கது, வாக்கியங்களின் நீளமும் அமைப்பும் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்பவை போன்ற அடையாளங்களை அவை அளக்கின்றன. செயற்கை நுண்ணறிவு எழுதும்போது பெரும்பாலும் 'விடுமுறை' வகைச் சொற்களே வரும். மனிதர் எழுதும்போது இடையிடையே 'முகம் கழுவிக்கொண்டது' வரும். முதல் வகை அடையாளம் கூடினால் 'இயந்திரம்' என்றும், இரண்டாம் வகை கூடினால் 'மனிதர்' என்றும் செயலி சொல்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எண்ணம் யாருடையது, யார் உழைத்தார், யார் விசையை அழுத்தினார் என்பது எதுவும் செயலிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது கண்முன் இருக்கும் சொற்களின் சாயல் மட்டுமே. 'ஏரி முகம் கழுவிக்கொண்டது' என்று ஒரு மாணவி எழுதுகிறாள். திருத்தும் செயலி அதை 'ஏரி தூய்மையாகக் காட்சியளித்தது' என்று மாற்றித் தருகிறது. மழைக்குப் பின் ஏரியைப் பார்த்தவளும் அதைச் சொல்ல நினைத்தவளும் அவள்தான். ஆனால் கண்டறியும் செயலியின் கண்ணுக்கு அந்த வாக்கியம் இடம் மாறிவிட்டது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் தமக்குத் தெரிந்த குறைந்த சொற்களைக் கொண்டு, பழகிய அமைப்பிலேயே எழுதுவார்கள். அதுவும் 'எளிதில் ஊகிக்கத்தக்க' எழுத்துதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் செயலிகளில் இட்டுப் பார்த்தார்கள். அனைத்தும் மனிதர் எழுதியவை. ஆனாலும் சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் 'இயந்திரம்' என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அத்தகைய தவறு மிகக் குறைவு. நம் வகுப்பறைப் பிள்ளைகள் இவற்றில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கலந்த எழுத்துக்கு மதிப்பெண் எப்படி வருகிறது?

முழுவதும் மனிதர் எழுதியது, முழுவதும் இயந்திரம் எழுதியது என்ற இரு முனைகளில் செயலிகள் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. சிக்கல் நடுவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மதிப்பெண் கணக்கிடப்படும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பார்த்து யார் எழுதியது என்று சொல்வது கடினம். ஆகவே சில செயலிகள் வாக்கியங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்க்கின்றன. கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் டர்னிட்டின் இத்தகையது. சுமார் ஐந்து முதல் பத்து வாக்கியங்கள் கொண்ட துண்டுகளை, ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பு தரப்படுகிறது. ஒரு வாக்கியம் எந்தெந்தத் துண்டுகளில் இடம்பெறுகிறதோ அவற்றையெல்லாம் வைத்து அந்த வாக்கியத்தின் மதிப்பு முடிவாகிறது. கடைசியில் ஆவணம் முழுமைக்கும் ஒரு சதவீதம் வருகிறது.

கரும்பலகையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு மாதிரியாக இதை அமைத்தேன். உண்மைச் செயலியின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் கலந்த எழுத்தில் நடப்பதை இந்த மாதிரியே தெளிவாகக் காட்டிவிடும்.

ஒரு கட்டுரையில் 20 வாக்கியங்கள். அவற்றில் 6 வாக்கியங்களைச் செயலி மாற்றி எழுதியது, மீதி 14 மாணவர் எழுதியவை. அதாவது உண்மையான கலப்பு 30 சதவீதம். ஐந்தைந்து வாக்கியங்களாகத் துண்டு எடுப்போம். முதல் துண்டில் 1 முதல் 5, அடுத்ததில் 2 முதல் 6, அதற்கடுத்து 3 முதல் 7. இப்படியே போகட்டும். ஒரு துண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் செயலியின் வாக்கியங்கள் இருந்தால் அது 'இயந்திரத் துண்டு'. ஒரு வாக்கியம் இடம்பெறும் துண்டுகளில் பாதிக்கு மேல் இயந்திரத் துண்டுகளாக இருந்தால் அந்த வாக்கியத்துக்குச் சிவப்பு. இவ்வளவுதான் விதி.

முதல் நிலை: செயலி மாற்றிய ஆறும் தொடர்ச்சியாக இருக்கின்றன, 8 முதல் 13 வரை. கணக்குப் போட்டால் 8 முதல் 13 வரையே சிவப்பு விழுகிறது. முடிவு 30 சதவீதம். எண்ணும் சரி, இடமும் சரி.

இரண்டாம் நிலை: அதே ஆறு வாக்கியங்கள் சற்று இடைவெளி விட்டு இருக்கின்றன. 6, 8, 9, 11, 12, 14 ஆகியவை செயலியுடையவை. இப்போது கணக்குப் போட்டால் 7 முதல் 13 வரை ஏழு வாக்கியங்கள் சிவப்பாகின்றன. முடிவு 35 சதவீதம். 30-க்கு அருகில்தானே என்று தோன்றும். ஆனால் சிவப்பான ஏழில் 7, 10, 13 ஆகிய மூன்றும் மாணவரே எழுதியவை. செயலி எழுதிய 6-உம் 14-உம் தப்பித்துவிட்டன. எண் ஏறக்குறையச் சரி, சுட்டிக்காட்டிய இடம் தவறு.

மூன்றாம் நிலை: ஆறு வாக்கியங்களும் கட்டுரை முழுக்கச் சிதறியிருக்கின்றன. 2, 5, 8, 11, 14, 17. எந்த ஐந்து வாக்கியத் துண்டை எடுத்தாலும் அதில் செயலியின் வாக்கியம் இரண்டுக்கு மேல் இல்லை. ஆகவே ஒரு வாக்கியம்கூடச் சிவப்பாகவில்லை. முடிவு 0 சதவீதம்.

மூன்றிலும் உதவியின் அளவு ஒன்றே. முடிவுகளோ 30, 35, 0. கலந்த எழுத்தில் சதவீதம் என்பது எவ்வளவு உதவி பெறப்பட்டது என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த உதவி எந்த இடங்களில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. தன் கட்டுரை முழுவதையும் வாக்கியத்துக்கு வாக்கியம் சற்றே திருத்தியவரும், ஒரு பத்தியை மட்டும் முழுதாக வாங்கிப் போட்டவரும் நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறான எண்களைப் பெறலாம்.

இது வெறும் கரும்பலகைக் கணக்கு அல்ல. மனிதர் எழுதியும் தவறாகச் சிவப்பான வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன என்று டர்னிட்டின் நிறுவனமே 2023-இல் விளக்கம் வெளியிட்டது. அவற்றில் 54 சதவீதம் உண்மையிலேயே இயந்திரம் எழுதிய வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியங்கள். மேலும் 26 சதவீதம் இரண்டு வாக்கியத் தொலைவில் இருந்தவை. மனித எழுத்தும் இயந்திர எழுத்தும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் தவறு குவிகிறது. கலந்த கட்டுரை என்றாலே எல்லைக்கோடுகள் நிறைந்த கட்டுரைதான்.

நோட்டும் சிவப்பும்

இப்போது என் மாணவியின் கட்டுரைக்கு வருகிறேன். ஐந்து பத்திகள், 24 வாக்கியங்கள். அவற்றில் 14 சிவப்பு. அதுதான் 58 சதவீதம்.

ரஃப் நோட்டோடு வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டேன். இரண்டாம் பத்தியிலும் நான்காம் பத்தியிலும் ஐந்தைந்தாக மொத்தம் பத்து வாக்கியங்கள் மாறியிருந்தன. முதல், மூன்றாம், ஐந்தாம் பத்திகள் நோட்டில் உள்ளபடியே இருந்தன. அவள் சொன்னது சரிதான்.

சிவப்பு விழுந்த இடங்களைப் பார்த்தேன். இரண்டாம் பத்தி முழுவதும் சிவப்பு. நான்காம் பத்தியில் முதல் நான்கு வாக்கியங்கள் சிவப்பு. இவை ஒன்பது. மீதி ஐந்து எங்கே? முதல் பத்தியின் கடைசி வாக்கியமும், மூன்றாம் பத்தியின் நான்கு வாக்கியங்களும். மூன்றாம் பத்தி இருபுறமும் திருத்தப்பட்ட பத்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. ஏரி கோடி போன நாளில் ஊரே கரையில் கூடியதையும், அவளுடைய பாட்டி சேலை முந்தானையில் கெண்டை மீன் பிடித்ததையும் எழுதியிருந்த பத்தி அது. கட்டுரையிலேயே அவள் மட்டுமே எழுதக்கூடிய பகுதி அதுதான். அதற்குத்தான் முழுச் சிவப்பு.

மாறிய பத்து வாக்கியங்களையும் ஆராய்ந்தேன். நான்கில் காலமும் முன்னிடைச் சொற்களும் மட்டுமே திருத்தப்பட்டிருந்தன. ஐந்தில் அவள் சொன்ன செய்தியே வேறு சொற்களில் இருந்தது. ஏரிக்கோடிக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் ஊர்ச்சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். செயலி அதை எடுத்துவிட்டு, பாடநூல் தொனியில் ஒரு சொற்றொடரைப் போட்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் நோட்டில் அறவே இல்லாதது. நீரே உயிர், அதைக் காப்பது அனைவர் கடமை என்ற பொருளில் நான்காம் பத்தியின் முடிவில் செயலி தானாகச் சேர்த்த வாக்கியம். அதற்குச் சிவப்பு விழவில்லை!

ஆக, செயலி சொன்னது 58. சொற்கள் மாறிய வாக்கியங்கள் 24-இல் பத்து, அதாவது சுமார் 42 சதவீதம். காலமும் முன்னிடைச் சொல்லும் மட்டும் மாறியவற்றைத் தள்ளினால் ஆறு, அதாவது 25 சதவீதம். எண்ணமே அவளுடையது அல்லாத வாக்கியம் ஒன்று, சுமார் 4 சதவீதம். நான்கு எண்களும் ஒரே கட்டுரையைப் பற்றியவை. நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. முதல் எண்ணுக்குச் செயலி போதும். மற்ற மூன்றுக்கும் அவளுடைய நோட்டு வேண்டும்.

சதவீதத்தைப் படிக்கும் முன்

திரையில் '58%' என்று தெரிந்ததும் கட்டுரையில் 58 பங்கு இயந்திரம் எழுதியது என்றே மனம் படிக்கிறது. எல்லாச் செயலிகளிலும் அப்படி இல்லை. டர்னிட்டின் காட்டும் எண், தகுதியுள்ள எழுத்தில் எத்தனை பங்கு இயந்திரச் சாயல் கொண்டதாகக் கணிக்கப்பட்டது என்பது. ஜிபிடி ஸீரோ போன்றவற்றில் ஆவணம் முழுமைக்கும் மனிதர், கலப்பு, இயந்திரம் என்று மூன்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதையே அங்கு எண் குறிக்கிறது. 'கலப்பு 70%' என்று வந்தால் அது கலந்த எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். 70 பங்கு இயந்திரம், 30 பங்கு மாணவர் என்று பொருள் அல்ல. வானிலை அறிக்கையில் மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்றால் நாளின் 70 பங்கு நேரம் மழை பெய்யும் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லையே, அதுபோல. ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் அந்தச் செயலியின் விளக்கப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

சிறிய எண்களில் இன்னும் கவனம் தேவை. 1 முதல் 19 வரை வரும் முடிவுகளில் தவறு அதிகம் என்பதால், டர்னிட்டின் இப்போது அங்கே எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் காட்டுகிறது. 300 சொற்களுக்குக் குறைந்த எழுத்தை அது கணிப்பதே இல்லை. நம் பிள்ளைகள் எழுதும் கடிதமும் பத்தியும் பெரும்பாலும் 150 சொற்களைத் தாண்டுவதில்லை. இலவசச் செயலிகள் பலவும் அவற்றுக்கும் தயங்காமல் எண் தந்துவிடுகின்றன.

தமிழ்க் கட்டுரைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. இச்செயலிகள் முதன்மையாக ஆங்கில எழுத்தில் பழக்கப்பட்டவை. தமிழ்க் கட்டுரையை இட்டாலும் சிலவற்றில் ஓர் எண் வந்துவிடும். தமிழில் சோதித்துப் பார்த்ததாக அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் எங்கும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம்.

தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலமாக்கித் தரும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் கலந்த எழுத்துதான். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2023-இல் பதினான்கு கண்டறியும் செயலிகளைச் சோதித்தபோது, மனிதர் தம் மொழியில் எழுதி இயந்திரம் ஆங்கிலமாக்கிய கட்டுரைகளையும் ஒரு வகையாக வைத்தார்கள். நேரடியாக ஆங்கிலத்தில் மனிதர் எழுதியவற்றைவிட அவற்றில் செயலிகள் அதிகம் தடுமாறின.

தவறு ஒரு சதவீதம்தான் என்றாலும் அது யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022-இல் தன் மாணவர்களின் 75,000 ஆவணங்களை டர்னிட்டினில் இட்டிருந்தது. ஒரு சதவீதத் தவறு என்றாலே அவற்றில் 750 ஆவணங்கள் வீண்பழிக்கு ஆளாகும் என்று கணக்கிட்டு, 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே நிறுத்திவிட்டது. சாட் ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமும் 2023 ஜனவரியில் தான் வெளியிட்ட கண்டறியும் செயலியைத் துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நான் மதிப்பெண் இட்ட விதம்

அப்படியானால் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடாது. ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. அந்த வேலையைச் செயலி செய்திருந்தால் அதற்கான மதிப்பெண்ணை மாணவிக்குத் தர முடியாது. எண்ணமும் அவளுடையது, உழைப்பும் அவளுடையது என்பதற்காக அவளுடைய ஆங்கிலமும் சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. கலந்த கட்டுரைக்கு ஒட்டுமொத்தமாக ஒரு தீர்ப்பு எழுதாமல், எந்தத் திறனுக்கு யார் காரணம் என்று பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

20 மதிப்பெண்ணை நான்காகப் பிரித்தேன். செய்திக்கு 8, கருத்து வரிசைக்கு 4, வாக்கிய அமைப்புக்கு 6, எழுத்துப்பிழை மற்றும் நிறுத்தக்குறிக்கு 2. செய்திக்கும் வரிசைக்கும் இறுதிக் கட்டுரையைப் பார்த்தேன். நோட்டில் இல்லாத ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டேன். வாக்கிய அமைப்புக்கும் பிழைக்கும் நோட்டை மட்டுமே பார்த்தேன். செய்திக்கு 7, வரிசைக்கு 3, வாக்கிய அமைப்புக்கு 3, பிழைக்கு 1. மொத்தம் 14. இறுதிப் படியை மட்டும் பார்த்திருந்தால் 18 இட்டிருப்பேன். 58 சதவீதத்தை நம்பியிருந்தால் கட்டுரையையே ஒதுக்கியிருப்பேன். இரண்டும் அவளுடைய மதிப்பெண் ஆகாது.

மதிப்பெண் இடுவதற்கு முன் அவளைத் தனியாக அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். "கோடி போற தண்ணி எங்கம்மா போகும்?" என்றேன். "கீழ ரெண்டாவது ஏரிக்கு டீச்சர். நடுவுல எங்க மாமா நிலம் இருக்கு, அதுல ஏறிட்டுத்தான் போகும்" என்று பட்டென்று சொன்னாள். செயலி மாற்றிய ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னாள். எது அவளுடையது, எது இல்லை என்பது அந்த ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

இப்போது வகுப்பில் செய்வது

இந்த ஆண்டு கட்டுரைப் பணி தரும்போதே எந்த அளவு உதவி பெறலாம் என்று கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். மூன்று படிகள்தான். முதல் படி, எழுத்துப்பிழை திருத்தம். இரண்டாம் படி, தன் வாக்கியத்திலேயே இலக்கணத் திருத்தம். மூன்றாம் படி, வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்வது. வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் பணி என்றால் முதல் படி மட்டும். செய்தி சேகரிப்பே நோக்கம் என்றால் இரண்டாம் படி வரை. மூன்றாம் படியைத் தனிப் பயிற்சியாக மட்டும் தருகிறேன். செயலி மாற்றியதையும் தாம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். 'முகம் கழுவிக்கொண்டது' போன்ற வாக்கியங்களைப் பிள்ளைகளே காப்பாற்றிக்கொள்வதை அந்தப் பயிற்சியில் பார்க்கிறேன்.

இறுதிப் படியோடு ரஃப் நோட்டும் வர வேண்டும். உதவி பெற்ற வாக்கியங்களுக்குக் கீழே பென்சிலால் கோடிட வேண்டும். கோடிட்டதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதித்த படிக்கு மேலே போயிருந்தால் அந்தத் திறனுக்கு நோட்டைப் பார்த்து மதிப்பெண் இடுகிறேன். நோட்டே இல்லை என்றால் வகுப்பில் என் முன்னால் ஒரு பத்தி எழுதச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுகிறேன். கண்டறியும் செயலியை அறவே விட்டுவிடவில்லை. எப்போதாவது பார்க்கிறேன். எண் பெரிதாக இருந்தால் அந்த நோட்டை முதலில் எடுத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு என் வகுப்பில் வேலை இல்லை. மாணவரிடம் அதைச் சொல்வதும் இல்லை.

அந்த மாணவி நான்காம் பத்தியின் கடைசி வாக்கியத்தை நீக்கினாள். திருத்திய பத்திகளை நோட்டைப் பார்த்துத் தானே மறுபடி எழுதினாள். நான் பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டினேன். திருத்தியது அவள்தான். ஊர்ச்சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்தாள். அந்தப் படியைத்தான் போட்டிக்கு அனுப்பினோம். எல்லார் முன்னிலையிலும் கேட்டதற்கு, எல்லார் முன்னிலையிலேயே அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். பிறகு அந்த மூன்றாம் பத்தியை வகுப்பில் அவளையே வாசிக்கச் சொன்னேன்.